முள் இறங்கட்டும்

சாயங்காலம் அந்தப் பம்ப் ஹவுஸில் மோட்டார் போட்டால் சுற்றியுள்ள வீடுகளில் லைட் இரண்டு தடவை மங்கும். முதல் மங்கல் லேசானது, பலர் கவனிக்கவே மாட்டார்கள். ஆறு நொடி கழித்து வருகிற இரண்டாவது மங்கலில்தான் ஃபேன் சத்தமே மாறும், டி.வி. அணைந்து எரியும். புகார் வந்து நான் போனபோது ஆபரேட்டர் அண்ணன் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தார்.

"ஸ்டார்–டெல்டா போட்டும் இந்தக் கதிதானுங்க. சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினா கரண்ட் கம்மியா இழுக்கும்னு சொல்றாங்க. எழுதிக் குடுத்துடுங்க."

பேனல் போர்டு வேலையில் இருக்கிற எனக்கு இந்த வார்த்தை புதிதல்ல. சாஃப்ட் ஸ்டார்ட்டர் விற்கிறவர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

அங்கே இருந்தது 100 ஹெச்.பி. மோட்டார், 415 வோல்ட். முழு லோடில் ஓடும்போது சுமார் 130 ஆம்பியர் எடுக்கும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு நேரடியாகச் சப்ளை கொடுத்தால் 800 ஆம்பியர் பாயும், ஆறு மடங்கு. காரணம் இதுதான்: வைண்டிங் உண்டாக்குகிற காந்தப்புலம் சப்ளை வந்த கணமே முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும், ரோட்டாரோ அசையாமல் நிற்கும். இந்த வேக வித்தியாசத்தால் ரோட்டார் கம்பிகளில் ஏகப்பட்ட கரண்ட் தூண்டப்படுகிறது, அதை ஈடுகட்ட வைண்டிங் சப்ளையிலிருந்து இழுக்கிறது. ரோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க வித்தியாசம் குறையும், கரண்டும் குறையும். ஆனால் சீராகக் குறையாது. முக்கால் வேகம் வரைக்கும் அது உயரத்திலேயே நிற்கும், அதற்குமேல் போகும்போதுதான் மளமளவென்று விழும். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கதை எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் செய்வது ஒரு இணைப்பு மாற்றம். மோட்டாரில் மூன்று வைண்டிங், ஆறு முனைகள். ஆறும் வெளியே பேனலுக்கு வருகின்றன. ஓடும்போது மூன்றும் டெல்டாவில், அதாவது முக்கோணமாக இணைந்திருக்கும், ஒவ்வொரு வைண்டிங்கிலும் முழு 415 வோல்ட் விழும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கான்டாக்டர் மூன்றின் கடைசி முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஸ்டார் ஆக்கிவிடும். அப்போது ஒரு வைண்டிங்குக்குக் கிடைப்பது 240 வோல்ட்தான்.

நேரடி ஸ்டார்ட்டில் வைண்டிங்குக்குள் 460 ஆம்பியர் ஓடும். டெல்டாவில் ஒவ்வொரு சப்ளை வயரும் இரண்டு வைண்டிங்குகளுக்குத் தீனி போடுவதால் வயரில் அது 1.73 மடங்காகி 800 ஆகிறது. ஸ்டாருக்கு மாற்றினால் வோல்டேஜ் குறைந்ததால் வைண்டிங் கரண்ட் 266 ஆகிறது. அதோடு, ஸ்டாரில் ஒரு வயருக்கு ஒரு வைண்டிங்தான், எனவே வயரிலும் அதே 266தான். 800 எங்கே, 266 எங்கே! சரியாக மூன்றில் ஒரு பங்கு. முறுக்கு விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது.

சாஃப்ட் ஸ்டார்ட்டரில் இந்த இணைப்பு வித்தை கிடையாது. மோட்டார் எப்போதும் டெல்டாவிலேயே இருக்கும். ஒரு ஃபேஸுக்கு இரண்டு வீதம் ஆறு தைரிஸ்டர்கள் உள்ளே உண்டு. அவை மின்னலையின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைத்து, பிறகு திறக்கும். தாமதமாகத் திறந்தால் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைவு, சீக்கிரம் திறந்தால் அதிகம். ஆரம்பத்தில் தாமதமாகத் திறந்து, பத்துப் பதினைந்து நொடியில் படிப்படியாக முழுவதும் திறந்துவிடும்.

இப்போது அதே மோட்டாரில் அதே முறுக்கு விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வைண்டிங்குக்கு 240 வோல்ட் கிடைக்கும்படி சாஃப்ட் ஸ்டார்ட்டரை வைக்கிறோம். வைண்டிங்கில் 266 ஆம்பியர் ஓடும். ஆனால் இணைப்பு டெல்டா ஆயிற்றே, வயரில் அது 460 ஆகிவிடும். ஒரே முறுக்கு விசைக்கு ஸ்டார் 266 கேட்கிறது, சாஃப்ட் ஸ்டார்ட்டர் 460 கேட்கிறது. சரி, சாஃப்ட் ஸ்டார்ட்டரையும் 266இலேயே நிறுத்தி வைத்தால்? முறுக்கு விசை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மோட்டார் முனகும், வேகம் எடுக்காது. விலை உயர்ந்த பெட்டி என்பதால் கரண்டைக் குறைவாக இழுக்கும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

இதைச் சொன்னதும் ஆபரேட்டர் அண்ணன் நியாயமாகவே கேட்டார்: "அப்போ 266தான் இழுக்குதுன்னா, லைட் ஏங்க இப்படி மங்குது?"

பேனலில் இருந்த ஆம்பியர் மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். மோட்டார் போட்டதும் முள் 250க்குப் பக்கத்தில் போய் நின்றது. நின்றது, இறங்கவில்லை. ஆறாவது நொடியில் டைமர் ஸ்டாரை விட்டு டெல்டாவுக்கு மாற்றியது. "டக்" என்று சத்தம், முள் அளவுகோலின் கடைசிக்கே போய் அடித்தது. இரண்டாவது மங்கல் அதுதான்.

சாயங்கால நேரத்தில் அங்கே சப்ளை 370 வோல்ட்டாக இறங்கியிருந்தது. வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் முறுக்கு விசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஏற்கெனவே மூன்றில் ஒன்றாகச் சுருங்கிய விசையில் மறுபடியும் ஒரு வெட்டு. பம்ப்போ வேகம் ஏற ஏறக் கனமாகிக்கொண்டே போகிற சாமான். ஆக, மோட்டார் முக்கால் வேகம் வரை ஏறி அங்கேயே மூச்சு முட்டி நின்றுவிட்டது. அந்த வேகத்தில் டெல்டா போட்டால் கரண்ட் நேரடி ஸ்டார்ட்டுக்குச் சற்றே குறைவாக, 600க்கு மேல் பாயும். மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம் என்று நினைத்ததெல்லாம் ஆறு நொடி தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவுதான்.

அதற்கு மேல் இன்னொரு உதையும் உண்டு. ஸ்டார் கான்டாக்டர் விட்டு டெல்டா கான்டாக்டர் பிடிப்பதற்குள் கண நேரம் மோட்டாருக்குச் சப்ளையே இல்லை. இரண்டும் ஒன்றாகப் பிடித்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட் என்பதால் அந்த இடைவெளி கட்டாயம். ஆனால் அந்த இடைவெளியில் ரோட்டாரின் காந்தம் சாவதில்லை, சுற்றிக்கொண்டே வைண்டிங்கில் தன் சொந்த வோல்டேஜை உண்டாக்குகிறது. அது சப்ளையோடு ஒத்துப்போகாத தருணத்தில் டெல்டா பிடித்தால் ஒரு கணம் பாய்கிற கரண்ட் நேரடி ஸ்டார்ட்டையும் மிஞ்சும். சாதாரண டாங் டெஸ்டரில் இது தெரியவே தெரியாது, அத்தனை குறுகிய நேரம். கப்ளிங் ரப்பர் அடிக்கடி தேய்வது, டெல்டா கான்டாக்டரின் முனைகள் கருகுவது, காரணமில்லாமல் பிரேக்கர் விழுவது ஆகியவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

நாங்கள் முதலில் செய்தது செலவில்லாத வேலை. டெலிவரி வால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டோம். மேலே தண்ணீர் தள்ள வேண்டியதில்லை என்றால் இந்த வகை சென்ட்ரிஃபியூகல் பம்ப் நன்றாக லேசாகிவிடும். ஒன்பதாவது நொடியில் முள் தானாக இறங்கத் தொடங்கியது. டைமரை 11 நொடிக்கு வைத்தோம். மாறும்போது வந்த உதை பாதிக்கும் கீழே போனது, அதன்பிறகு வால்வைத் திறந்துகொள்ளலாம். ஆனால் அந்த வால்வு சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தது. தினமும் இரண்டு வேளை மூடித் திறக்க யாரும் தயாராக இல்லை என்பதும் உண்மை.

கடைசியில் அங்கே சாஃப்ட் ஸ்டார்ட்டரே வந்தது. வால்வு திறந்திருக்க, 460 ஆம்பியருக்கு எல்லை கட்டினோம். அதன் பெருமை 460 என்ற எண்ணில் இல்லை, அந்த எண்ணைத் தாண்டாது என்பதில் இருக்கிறது. ரோட்டார் வேகம் பிடித்துக் கரண்ட் குறையப் பார்க்கும்போது அது வோல்டேஜை ஏற்றிக்கொடுக்கும். பம்ப் கனமாகிற நேரத்தில் முறுக்கு விசையும் கூடும். சப்ளை 370க்கு இறங்கினாலும் கையில் மிச்சம் வைத்திருப்பதை எடுத்துக் கொடுக்க முடியும். ஸ்டாருக்கு அந்த வசதி இல்லை, அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு படி. இப்போது லைட் ஒரே தடவை மங்குகிறது. முதல் மங்கல் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல், இரண்டாவது கிடையாது.

நிறுத்தும்போதும் பலன் உண்டு. முன்பு மோட்டாரை அணைத்ததும் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பி வந்து என்.ஆர்.வி.யை அறைகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் பதினைந்து நொடியில் மெல்ல இறக்குவதால் அந்த அறை இல்லை. திடீரென்று கரண்ட் போனால் மட்டும் பழைய அறைதான், சப்ளை இல்லாமல் அதுவும் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய பேனலைக் கழற்றி இதை மாட்டும்போது நடக்கிற தவறுகள் இரண்டு. ஆறு வயரைச் சரியாக டெல்டாவாகச் சேர்க்காமல், கை மறந்து ஸ்டாரிலேயே விட்டுவிடுவது ஒன்று. மோட்டார் ஓடும், லோடு ஏறியதும் சூடாகிக் காயில் கட்டும் கடைக்குப் போகும். இன்னொன்று கெபாசிட்டர். மோட்டார் முனையில் இருந்த கெபாசிட்டரை அப்படியே விட்டுச் சாஃப்ட் ஸ்டார்ட்டரைப் போட்ட ஒரு மில்லில், முதல் நாளே இரண்டு தைரிஸ்டர் போயிற்று. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கெபாசிட்டர் குபீரென்று கரண்டை உறிஞ்சுவதைத் தைரிஸ்டர் தாங்காது. சப்ளையை முழுவதும் துண்டித்துவிட்டு, உள்ளே வரும் முனைக்கும் அதே ஃபேஸில் வெளியே போகும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன். நல்லதில் அதிக ஓம் காட்டியது, போனதில் பூஜ்யம். கெபாசிட்டர் சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கு முன்னால், சப்ளை பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் பெரிய மோட்டார் இருந்து, யாராவது சாஃப்ட் ஸ்டார்ட்டர் விலைப்பட்டியலோடு வந்தால், சாயங்கால வோல்டேஜில் ஒரு தடவை ஆம்பியர் மீட்டருக்கு முன்னால் நின்று பாருங்கள். டெல்டாவுக்கு மாறும் முன் முள் நன்றாக இறங்கிவிடுகிறது, நிறுத்தும்போது குழாயில் அறை இல்லை என்றால், இருக்கிற ஸ்டார்–டெல்டாவையே வைத்துக்கொள்ளுங்கள். கான்டாக்டர் முனைகளை மட்டும் மாற்றினால் போதும்.