ஸ்மியரில் சிக்காத கிருமி

ரத்ததானம் செய்ய வந்திருப்பவருக்குக் காய்ச்சல் இல்லை. எடை சரி, ஹீமோகுளோபினும் சரி. ஆனாலும் அவர் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்க வாய்ப்புண்டு. மலேரியா மிகுந்த ஊர்களில் திரும்பத் திரும்ப அந்த நோய் கண்டவர்களின் உடம்பு அதற்கு ஓரளவு பழகிவிடும். காய்ச்சல் வராது, கிருமி மட்டும் சொற்பமாகத் தங்கியிருக்கும். ‘பிளாஸ்மோடியம் மலேரியே’ என்ற வகை பல பத்தாண்டுகள்கூட இப்படித் தங்கிவிடும்.

இந்தியாவில் தானமாக வரும் ஒவ்வொரு பைக்கும் மலேரியா பரிசோதனை கட்டாயம். ஸ்மியர் அல்லது ரேபிட் கிட் வைத்துப் பார்ப்பார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு ஒரே ஒரு கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 350 மில்லி பையில் மூன்றரை லட்சம் கிருமிகள் இருக்கும். தடித்த ஸ்மியரில் 100 புலங்களைப் பொறுமையாகப் பார்த்து முடித்தாலும், டெக்னீஷியன் உண்மையில் பார்த்திருப்பது சுமார் கால் மைக்ரோலிட்டர்தான். பெரும்பாலும் எதுவும் தென்படாது. ‘நெகட்டிவ்’ என்றே எழுதுவார். அது அவர் தவறல்ல. ரேபிட் கிட்டும் இவ்வளவு குறைந்த அளவைப் பிடிக்காது.

அப்படியானால் எதிர்ப்பொருளைத் தேடலாமே? பிரிட்டன் அதைத்தான் செய்கிறது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்தவர், திரும்பி நான்கு மாதம் கழித்து எதிர்ப்பொருள் பரிசோதனையில் தேறினால் ரத்தம் கொடுக்கலாம். நம் ஊருக்கு இது ஒத்துவராது. நோய் முழுக்கக் குணமான பிறகும் எதிர்ப்பொருள் நெடுநாள் நிற்கும் என்பதால், மலேரியா மிகுந்த மாவட்டங்களில் நல்ல கொடையாளர்களையும் திருப்பியனுப்ப வேண்டியிருக்கும்.

லத்தீன் அமெரிக்காவின் சாகஸ் நோயில் நிலைமை நேர்மாறு. மூட்டைப்பூச்சி இனத்தை ஒத்த ஒரு பூச்சி பரப்பும் ‘டிரிபனோசோமா குரூஸி’, சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் உடம்பை விடாது. பலருக்கு அறிகுறியே இராது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயம் பழுதாகும். எதிர்ப்பொருள் இருந்தால் கிருமியும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இங்கே எலிசா கைகொடுக்கிறது. அமெரிக்க ரத்த வங்கிகள் 2007 முதல் இதைச் செய்கின்றன. அங்கே அந்தப் பூச்சியால் புதிதாகத் தொற்று வருவது அபூர்வம். எனவே ஒரு கொடையாளருக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும் என்று 2010இல் வழிகாட்டுதல் வந்தது. ஸ்பெயினும் பிரிட்டனும் பிறந்த நாடு, தாயின் பிறப்பிடம் ஆகியவற்றைக் கேட்டு, தேவையானவர்களை மட்டும் சோதிக்கின்றன.

நம்மிடம் அப்படிக் கைகொடுக்கும் சோதனை இல்லாததால், மலேரியாவைப் பொறுத்தவரை கேள்விப் படிவம்தான் முதல் வேலி. வரிசை நீளும் முகாம்களில் முதலில் அவசரப்படுத்தப்படுவதும் அதுவே. மலேரியா வந்து குணமாகி மூன்று மாதம் ஆகாதவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு அடுத்த சில வாரங்களில் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ரத்தம் ஏற்றியதை மருத்துவரிடம் சொல்லி மலேரியா பரிசோதனை கேளுங்கள். உறுதியானால் ரத்த வங்கிக்கும் தகவல் போகவேண்டும். அதே கொடையாளரின் பிளேட்லெட் இன்னொரு நோயாளிக்குப் போயிருக்கலாம்.