முதல் தேதி வாடகையின் கணக்கு

கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற பலர் வீட்டில், மாதம் பிறந்ததும் ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கும். சம்பளம் வரும், வாடகை போகும். வருகிற சம்பளம் போன மாதம் பார்த்த வேலைக்கு. போகிற வாடகை இனிமேல் குடியிருக்கப்போகிற மாதத்துக்கு. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. வேலை முதலில், காசு பிறகு. வாடகை ஒப்பந்தம் இதற்கு நேர்மாறு.

ஒரே அளவு பணத்தை மாதாமாதம் கொடுத்துக்கொண்டே போவதை நிதிக் கணக்கில் அனுவிட்டி என்பார்கள். மாதக் கடைசியில் கொடுத்தால் அது ஆர்டினரி அனுவிட்டி, மாதத் தொடக்கத்தில் கொடுத்தால் அனுவிட்டி டியூ. நாம் பின்தவணை, முன்தவணை என்று வைத்துக்கொள்வோம். எது அதிக மதிப்புள்ளது?

ஓர் அறையின் வாடகை 500 வெள்ளி. மூன்று மாதம் தங்கப்போகிறீர்கள். உங்கள் சேமிப்புக் கணக்கு மாதம் 1 விழுக்காடு வட்டி தருவதாகக் கொள்வோம். எந்த வங்கியும் இவ்வளவு தராது. கணக்கு எளிதாக வரட்டும் என்றுதான் இந்த எண். இப்போது கேள்வி: மூன்று மாத வாடகையையும் கட்டி முடிக்க, இன்றே எவ்வளவு பணம் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்?

இன்றைக்கே கட்டும் 500 வெள்ளிக்கு 500 முழுதாக வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கட்டுவதற்கு அவ்வளவு வேண்டாம். 500ஐ 1.01ஆல் வகுத்தால் 495.05. இதைப் போட்டு வைத்தால் மாதக் கடைசியில் 500 ஆகிவிடும். இரண்டு மாதம் கழித்துக் கட்ட, இன்னொரு முறை வகுங்கள்: 490.15. மூன்று மாதம் கழித்து என்றால் 485.30.

முன்தவணைக்கு முதல் மூன்று எண்களைக் கூட்ட வேண்டும்: 500, 495.05, 490.15. மொத்தம் 1485.20 வெள்ளி. பின்தவணைக்கு முதல் எண் கிடையாது, கடைசி எண் உண்டு: 495.05, 490.15, 485.30. இவற்றைக் கூட்டினால் 1470.50 வருகிறது. இடையில் வட்டமாக்காமல் கூட்டினால் 1470.49.

நடுவில் உள்ள இரண்டு எண்களும் இரண்டு பக்கமும் இருக்கின்றன, பார்த்தீர்களா? ஆகவே வேறுபாடு முழுவதும் இரண்டு ஓரங்களில்தான்: 500க்கும் 485.30க்கும் இடையே உள்ள 14.70 வெள்ளி. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரியா என்று சோதிப்போம். கணக்கில் 1485.20 இருக்கிறது. வாடகை 500 கட்டியதும் மீதி 985.20. ஒரு மாத வட்டி 9.85 சேர்ந்து 995.05. மறுபடி 500 கட்டினால் 495.05. வட்டி 4.95 சேர, சரியாக 500. அதையும் கட்டினால் கணக்கு காலி.

பின்தவணைக்கு வைத்த 1470.49 முதல் மாதம் யாரும் தொடாமல் கிடக்கும். வட்டி 14.70 சேர்ந்து 1485.19 ஆகும். முன்தவணைக்குத் தேவைப்பட்ட தொகையே வந்துவிட்டது, ஒரு சென் குறைவாக! அந்த ஒரு சென் வட்டமாக்கியதால் தொலைந்தது. இதனால் ஒரு விதி கிடைக்கிறது: பின்தவணை மதிப்பை 1.01ஆல் பெருக்கினால் முன்தவணை மதிப்பு. எத்தனை மாதமானாலும் இது மாறாது, ஏனென்றால் ஒவ்வொரு தவணையும் ஒரு மாதம் முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான். வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு, அதாவது மாதம் கால் விழுக்காடு என்றால் 14.70 சுருங்கி 3.73 வெள்ளி ஆகிவிடும். வட்டியே இல்லையென்றால் எப்போது கட்டினாலும் ஒன்றுதான்.

கணினியில் எக்செல் இருந்தால் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=PV(1%,3,-500,0,0)
=PV(1%,3,-500,0,1)
```

கடைசியில் உள்ள 0 மாதக் கடைசி, 1 மாதத் தொடக்கம். அந்த எண்ணை எழுதாமல் விட்டால் எக்செல் 0 என்றே எடுத்துக்கொள்ளும். வாடகைக் கணக்கு சத்தமில்லாமல் குறைந்துவிடும். விடை 1500 என்ற கூட்டுத் தொகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தவறு கண்ணில் படாது. இரண்டாவது விடையை முதல் விடையால் வகுத்துப் பார்த்து 1.01 வருகிறதா என்று சோதிப்பதே வழி.

அறைக்குள் நுழையும்போது வீட்டுக்காரர் இரண்டு மாத டெப்பாசிட்டும் கேட்பார். அது தவணை அல்ல, திரும்பி வரும் பணம். முன்தவணையோடு சேர்க்கக் கூடாது. ஆனால் அதற்கும் விலை உண்டு. இன்று கொடுக்கும் 1000 வெள்ளி மூன்று மாதம் கழித்து வட்டியில்லாமல் அதே 1000ஆகத் திரும்புகிறது. அதன் இன்றைய மதிப்பு 970.59தான். குறைவது 29.41 வெள்ளி. வாடகையை முன்கூட்டியே கட்டியதால் ஆன 14.70ஐப் போல இரண்டு மடங்கு!