15 நிமிடத்தோடு நின்ற கூத்து

செய்யாறு பக்கத்தில் தெருக்கூத்து ஆடும் ஒரு குழுவின் யூடியூப் சேனலைப் போன வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கர்ண மோட்சம் 9 துண்டுகளாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் 14 நிமிடத்துச் சொச்சம். கர்ணன் வாயெடுத்துப் பாட ஆரம்பிப்பான். அடி முடிவதற்குள் வீடியோ நின்றுவிடும். அதைவிட மோசம் அவற்றின் முகப்பு. ஒன்றில் கர்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இன்னொன்றில் கட்டியங்காரனின் முதுகு. மூன்றாவதில் ஆளே இல்லை, டியூப் லைட் கட்டிய மூங்கில் கம்பம் மட்டும்தான்.

வீடியோவைத் திறப்பதற்கு முன் நம் கண்ணில் படும் அந்தச் சின்னப் படத்தைத்தான் தம்னெயில் என்கிறோம். நாமாக எதுவும் கொடுக்காவிட்டால் யூடியூப் வீடியோவிலிருந்து மூன்று காட்சிகளைத் தானே பிடித்துக் காட்டும். அதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எந்திரத்துக்குக் கிரீடமும் தெரியாது, கம்பமும் தெரியாது.

குழுவின் வாத்தியாரிடம் கேட்டேன்.

“படம் ஏத்தவே மாட்டேங்குது தம்பி. ஆயிரம் பேர் சேர்ந்தாத்தான் அதுக்கு அனுமதின்னு பையன் சொல்றான். நமக்கு அறுநூறுகூடச் சேரலையே.”

“கூத்த ஏன் வாத்தியாரே துண்டு துண்டா வெட்டுனீங்க?”

“முழுசாப் போட்டா ஏறல. பதினஞ்சு நிமிசத்துக்குமேல வாங்க மாட்டேங்குது.”

இரண்டு பதிலையும் சேர்த்துக் கேட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. இவை இரண்டு கோளாறுகள் அல்ல. ஒரே பூட்டு. 15 நிமிடத்தைத் தாண்டிய வீடியோ ஏறாமலும், சொந்தத் தம்னெயில் வைக்க இடமில்லாமலும் ஒரு சேனல் இருந்தால், அந்தச் சேனலுக்குத் தொலைபேசி எண் சரிபார்ப்பு நடக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

யூடியூப் ஒரு சேனலுக்குத் தரும் வசதிகளை மூன்று படிகளாக வைத்திருக்கிறது. புதிதாகச் சேனல் தொடங்கியவர் முதல் படியில் நிற்கிறார். வீடியோ ஏற்றலாம், தொகுப்புப் பட்டியல் போடலாம். தொலைபேசி எண்ணைக் காட்டி, வரும் குறியீட்டைத் திருப்பித் தட்டினால் இரண்டாம் படி. சொந்தத் தம்னெயிலும், 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவும் இந்தப் படியில்தான் இருக்கின்றன. அடையாள அட்டையையோ முகத்தை வீடியோ எடுத்தோ காட்டி, அல்லது சேனல் நல்லபடியாக நடந்துவந்த வரலாற்றால், மூன்றாம் படிக்குப் போகலாம். தம்னெயிலுக்கு அவ்வளவு தூரம் ஏற வேண்டியதில்லை.

பையன் சொன்ன ஆயிரம் பேர் கணக்கு வேறு சங்கதி. அது விளம்பர வருமானம் பெறுவதற்குரிய நிபந்தனைகளில் ஒன்று. சேனல் பெயருக்குப் பக்கத்தில் வரும் டிக் குறி இன்னொன்று. அதற்கு 1,00,000 பேர் சேர்ந்தபின்தான் விண்ணப்பிக்க முடியும். ‘வெரிஃபைட்’ என்ற ஒரே சொல்லை டிக் குறிக்கும் சொல்கிறோம், போன் எண் சரிபார்ப்புக்கும் சொல்கிறோம். அதனால் பலர் லட்சம் பேர் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஒரே ஒருவர் சேர்ந்த சேனலுக்கும் தம்னெயில் வைக்கலாம்.

சேனல் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, இடப்பக்கக் கீழ்மூலையில் உள்ள `Settings`, அதற்குள் `Channel`, அதற்குள் `Feature eligibility` என்று போனால் மூன்று படியும் வரிசையாகத் தெரியும். நடுவில் இருக்கும் `Intermediate features` வரிக்கு நேராக `Enabled` என்று இருந்தால் பூட்டு திறந்திருக்கிறது. `Eligible` என்றிருந்தால் தகுதி உண்டு, வேலை பாக்கி என்று அர்த்தம். அங்கிருந்தோ, `youtube.com/verify` என்ற முகவரிக்கு நேராகப் போயோ வேலையை முடிக்கலாம். நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்து, எண்ணைத் தட்டி, குறியீடு குறுஞ்செய்தியாக வேண்டுமா, குரல் அழைப்பாக வேண்டுமா என்று சொன்னால் போதும். வருகிற 6 இலக்கத்தைத் தட்டியதும் முடிந்தது.

வாத்தியாரின் மகனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். “அதெல்லாம் போன வருசமே பண்ணிட்டேன் அண்ணே” என்றான். போனையும் நீட்டினான். உண்மைதான், `Enabled` என்றே இருந்தது. ஆனால் வலது மேல்மூலையில் இருந்த வட்டத்தில் தெரிந்தது அவன் முகம். குழுவின் முத்திரை இல்லை.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரே மின்னஞ்சலின் கீழ் ஒருவருக்குப் பல சேனல்கள் இருக்கலாம். சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு நடப்பதில்லை, சேனலுக்கு நடக்கிறது. ஜிமெயில் தொடங்கும்போது போன் எண் கொடுத்தோமே என்பதும் இங்கே செல்லாது. அவன் சரிபார்த்தது தன் பெயரில் தானாக அமைந்த சேனலை. அதில் ஒரு வீடியோகூட இல்லை. கூத்து இருந்த சேனல் தொட்டபடியே கிடந்தது. வட்டத்தைத் தொட்டு, கணக்கை மாற்றும் பட்டியலில் குழுவின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி பார்த்தோம். நடு வரி `Eligible` என்றது.

எண்ணைத் தட்டினான். ஏற்கவில்லை. அந்த எண்ணில் ஏற்கெனவே அளவுக்கு மேல் சரிபார்த்தாகிவிட்டது என்ற பொருளில் ஒரு செய்தி. ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டு ஒரு வருடத்தில் இரண்டு சேனல்களைத்தான் சரிபார்க்க முடியும். தன் சேனல் ஒன்று, நண்பனுக்காகச் செய்துகொடுத்த கிரிக்கெட் சேனல் ஒன்று. அவன் கணக்கு தீர்ந்திருந்தது. வாத்தியாரின் பட்டன் போன் எண்ணைக் கொடுத்து, குரல் அழைப்பைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு குரல் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் அதைத் தாளம் போடுவதுபோல உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். நடு வரி `Enabled` ஆயிற்று.

இனி 9 துண்டுகளை ஒட்ட முடியாது. ஏற்றிய வீடியோக்களை யூடியூப் ஒன்றாக்கித் தராது. முழுப் பதிவை அப்படியே மறுபடி ஏற்ற வேண்டும். சரிபார்த்த சேனல் ஒரு வீடியோவில் 12 மணி நேரம் வரை ஏற்றலாம். விடிய விடிய ஆடும் கூத்துக்கு அது தாராளம்.

பூட்டு திறந்த பிறகும் படம் திரும்பி வரலாம். அதற்குக் காரணம் சேனல் இல்லை, கோப்பு. குழு கொடுத்தது ஃபிளெக்ஸ் கடையில் செய்த விளம்பரப் படம்: நெட்டுக்குத்து வடிவம், 18 எம்பி கனம். தம்னெயிலுக்கு 2 எம்பி என்பதே நெடுங்கால வரம்பு. பெரிய திரைகளுக்காக அதை 50 எம்பி வரை உயர்த்துவதாக யூடியூப் 2025இல் அறிவித்தது. ஆனாலும் எந்தக் கருவியிலிருந்து ஏற்றினாலும் சிக்கல் வராமலிருக்க 2 எம்பிக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. 1280-க்கு 720 என்ற அளவில் படுக்கைவாட்டமாக ஒரு வெற்றுச் சட்டம் எடுத்து, அதில் கர்ணனின் முகத்தை மட்டும் பெரிதாக வைத்து, ஜேபிஜியாகச் சேமித்தோம். ஒரு எம்பிகூட வரவில்லை. ஐபோன் எடுக்கும் ஹெச்இஐசி வகைப் படத்துக்குப் பெயரின் வாலில் ஜேபிஜி என்று எழுதிவிட்டால் அது ஜேபிஜி ஆகிவிடாது. ஒரு செயலியில் திறந்து வேறு வகையாகச் சேமித்தால்தான் மாறும். இன்னொன்று, கீழ் வலது மூலையில் எழுத்து வைக்காதீர்கள். வீடியோவின் நேரத்தைக் காட்டும் கறுப்புக் கட்டம் அதன் மேல்தான் உட்காரும்.

மகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய வீடியோக்கள் அனைத்துக்கும் ஒரே மூச்சில் படம் மாற்றத் தொடங்கினான். பாதி வழியில் வரம்பு முடிந்தது என்று நின்றுவிட்டது. ஒரு சேனல் ஒரு நாளில் ஏற்றும் தம்னெயில்களுக்கும் கணக்கு உண்டு. 24 மணி நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பயந்துபோய் மறுபடி எண்ணைச் சரிபார்க்கப் போனால் பயனில்லை.

ஒரு வீடியோவுக்கு மட்டும் படம் ஏற்றும் பெட்டியே காணவில்லை. கட்டியங்காரன் நையாண்டி பேசும் இரண்டரை நிமிடத் துண்டு, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. 2024 அக்டோபர் 15 முதல், நெட்டுக்குத்தாகவோ சதுரமாகவோ இருக்கும் 3 நிமிடம் வரையிலான புதிய வீடியோக்கள் ஷார்ட்ஸ் வகையில் சேர்கின்றன. ஷார்ட்ஸுக்கு முகப்பாக, போனிலிருந்து ஏற்றும்போது வீடியோவுக்குள்ளிருந்தே ஒரு காட்சியைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அதனால் அந்த வகை வீடியோக்களில், கட்டியங்காரன் நன்றாகத் தெரியும் ஒரு நொடியையாவது எடுக்கும்போதே பதிவுசெய்துவிடச் சொன்னேன்.

ஏற்றும்போது மறுப்பது ஒன்று. ஏற்றி, சில நாள் இருந்து, பிறகு காணாமல் போவது வேறு. இரண்டாவது நடந்தால் எண்ணையும் கோப்பையும் பார்க்காமல் மின்னஞ்சலையும் ஸ்டுடியோவின் முதல் பக்கத்தையும் பாருங்கள். ஆபாசம், அதிரவைப்பதற்கென்றே காட்டும் ரத்தம், வீடியோவில் இல்லாததை இருப்பதாகக் காட்டி ஏமாற்றுவது போன்றவற்றுக்காகத் தம்னெயில் நீக்கப்படலாம். வீடியோ சுத்தமாக இருந்தும் முகப்பு மட்டும் விதியை மீறலாம். வழக்கமாக முதல் மீறலுக்கு எச்சரிக்கை. அதன்பின் வருவது ஸ்ட்ரைக். முதல் ஸ்ட்ரைக் விழுந்தால் ஒரு வாரம் வீடியோ ஏற்ற முடியாது, தம்னெயிலும் வைக்க முடியாது. எண் சரிபார்த்த சேனலாக இருந்தாலும் இதுதான். வாரம் முடிந்ததும் வசதிகள் தாமாகத் திரும்பும், ஆனால் ஸ்ட்ரைக் 90 நாள் கணக்கில் நிற்கும். நியாயமில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம்.

துச்சாதனன் வதத்துக்கு முகப்பாக எதை வைப்பது என்று வாத்தியார் யோசித்தார். மேடையில் பூசிய குங்குமச் சாயம்தான், என்றாலும் படத்தில் அது ரத்தமாகவே தெரிந்தது. கடைசியில், கூந்தலை விரித்துப் போட்டு நிற்கும் துரோபதையின் முகத்தைத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் காலை போன் வந்தது.

“தம்பி, பழைய படமே தெரியுதே.”

“ஸ்டுடியோவுல எது தெரியுது வாத்தியாரே?”

“அங்க துரோபதைதான்.”

ஸ்டுடியோவில் மாறியிருந்தால் மாறிவிட்டது என்றே பொருள். பார்ப்பவரின் போன் பழைய படத்தைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும். மதியத்துக்குள் அவர் போனிலும் துரோபதை வந்துவிட்டாள்.