-1 என்று வந்த விண்ணப்பம்

தனிநபர் கடன் கேட்டு விண்ணப்பித்தால், இப்போதெல்லாம் பல இடங்களில் முதல் பதிலை ஒரு படம்தான் சொல்கிறது. மேலாளர் அப்புறம்தான் வருகிறார். கட்டத்துக்குள் ஒரு கேள்வி, அதிலிருந்து பிரியும் கோடுகள், கோட்டின் முடிவில் அடுத்த கேள்வி. இப்படி இறங்கிக்கொண்டே போய் ஒப்புதல், மறுப்பு, மேலாளர் பார்வைக்கு என்று ஏதாவது ஒன்றில் முடியும். இதை முடிவு மரம் என்பார்கள். வேர் மேலே இருக்கும், இலைகள் கீழே இருக்கும். கடன் பிரிவினர் காகிதத்தில் வரைந்து தருவதை மென்பொருள்காரர்கள் நிரலாக எழுதிவிடுவார்கள்.

அந்தப் படத்திலேயே தவறு இருந்தால்? நிரல் அதை அப்படியே, ஒரு பிசகும் இல்லாமல் நிறைவேற்றும். அதனால்தான் நிரல் எழுதுமுன் படத்தைச் சோதிக்க வேண்டும் என்கிறேன். தேட வேண்டியவை இரண்டு. யாருமே போய்ச் சேர முடியாத கிளை ஒன்று. ஒரே ஆளை இரண்டு பக்கமும் இழுக்கும் நிபந்தனைகள் மற்றொன்று.

விளக்குவதற்காக ஒரு சிறிய மரத்தை நானே வரைந்துகொள்கிறேன். முதல் கட்டம் சிபில் ஸ்கோரைக் கேட்கிறது. 650க்குக் கீழே என்றால் மறுப்பு. 650 முதல் 750 வரை என்றால் இடது கிளை. 750 முதல் 900 வரை என்றால் வலது கிளை. இடது கிளையில் இரண்டு கட்டங்கள். ஸ்கோர் 680க்குக் கீழே இருந்தால் ஜாமீன் கேட்க வேண்டும். இதுவரை கடனே வாங்காதவர் என்றால் மேலாளரிடம் அனுப்ப வேண்டும்.

பார்த்தால் நல்ல மரம்தான். முதல்முறை கடன் கேட்பவரைக்கூட மறக்காமல் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்துக்கு ஒருவர்கூடப் போக முடியாது.

சிபில் ஸ்கோர் 300இலிருந்து 900 வரை போகும். கடன் வரலாறே இல்லாதவருக்குப் போட மதிப்பெண் இல்லை. அதனால் அந்த இடத்தில் -1 என்று வருவது வழக்கம். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டுகூட வாங்கியதில்லை, யாரிடமும் பாக்கி இல்லை. அவருடைய விண்ணப்பம் -1 என்ற எண்ணோடு முதல் கட்டத்துக்கு வருகிறது. 650க்குக் கீழா என்று மரம் கேட்கிறது. ஆமாம், -1 என்பது 650க்குக் கீழ்தானே? மறுப்பு. அவருக்காகவே வரைந்த கட்டம் இரண்டு படி கீழே காலியாகக் காத்திருக்கிறது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. படத்தை வரைந்தவருக்கும் அதே எண்ணம்தான் இருந்திருக்கும். கேள்வியை வைத்த இடம் தவறிப்போனது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பென்சில் போதும். ஏதாவது ஓர் இலையில் விரலை வைத்து, வேர் வரை பின்னோக்கி ஏறுங்கள். வழியில் கடக்கும் ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். நம் இலைக்கு இப்படி வரும்: ஸ்கோர் 650க்குக் குறையாது, 750ஐத் தாண்டாது, கடன் வரலாறு இல்லை, அதாவது ஸ்கோர் -1. இத்தனைக்கும் பொருந்துகிற ஒரே ஒரு விண்ணப்பதாரரைக் கற்பனை செய்து காட்டுங்கள் பார்க்கலாம். முடியாது. அப்படியானால் அந்த இலை எட்டாத இலை.

சில முரண்கள் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. வலது கிளையின் அடியில் ஓர் இலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: சம்பளம் 25,000 ரூபாய்க்குக் கீழே, மாதத் தவணைகள் 15,000க்கு மேலே, தவணைச் சுமை சம்பளத்தில் 50 சதவீதத்துக்குள். மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் உறுத்தாது. கணக்குப் போட்டால்தான் தெரியும். 25,000த்தில் 15,000 என்பதே 60 சதவீதம். சம்பளம் இன்னும் குறைந்தாலோ தவணை இன்னும் கூடினாலோ சுமை ஏறத்தான் செய்யும், 50க்கு இறங்காது. ஒரு தொகையிலிருந்து பிறந்த இன்னொரு தொகை படத்தில் எங்கே வந்தாலும் நான் அங்கே நின்று ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். சம்பளம், தவணை, சுமை மூன்றையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எண்களாக எடுத்துக்கொள்ளும் சோதனைக் கருவிகூட இந்த முரணைத் தவறவிட்டுவிடும்.

பழைய விண்ணப்பங்களை மரத்தில் ஓடவிட்டு, எந்த இலைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுபவர்களும் உண்டு. நல்ல வழிதான். பூஜ்யம் விழுந்த இலைமேல் சந்தேகம் வரும். ஆனால் அந்தப் பூஜ்யத்தை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட ஆள் அந்த ஆண்டு வராமலும் இருந்திருக்கலாம். விரலை வைத்து மேலே ஏறிப் பார்த்தால்தான் உறுதியாகும்.

இனி இரண்டாவது கோளாறு. முதல் கட்டத்தை மறுபடி பாருங்கள். 650 முதல் 750 வரை இடது, 750 முதல் 900 வரை வலது. சரியாக 750 வாங்கியவர் எந்தப் பக்கம் போவார்? படம் சொல்லவில்லை. நிரலில் எந்த வரி முதலில் இருக்கிறதோ அந்தப் பக்கம் போவார். கிளை அலுவலகத்து மென்பொருளை ஒருவரும் கைப்பேசிச் செயலியை இன்னொருவரும் எழுதியிருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பதில் கிடைக்கும். வீட்டுக் கடனில் வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பைப் பாருங்கள்: 30 லட்சம் வரை 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80, 75 லட்சத்துக்கு மேல் 75. ‘வரை’, ‘மேல்’ என்ற இரண்டு சொற்களால் எல்லைக்கோட்டில் ஒருவரும் இரண்டு பக்கமும் நிற்க மாட்டார், ஒருவரும் இடைவெளியில் விழவும் மாட்டார்.

எல்லையில் உரசுவது சின்ன மோதல். வலது கிளையில் பெரியது இருக்கிறது. சம்பளம் 40,000க்கு மேல் என்றால் ஒப்புதல், தவணைச் சுமை 50 சதவீதத்துக்கு மேல் என்றால் மறுப்பு. ஒன்று சம்பளத்தைப் பார்க்கிறது, மற்றது சுமையைப் பார்க்கிறது. வேறு வேறு விஷயம் என்பதால் மோதாது என்று தோன்றும். 60,000 சம்பளம், 33,000 தவணை உள்ளவரை உள்ளே அனுப்புங்கள். சுமை 55 சதவீதம், இரண்டு நிபந்தனையும் அவருக்குப் பொருந்துகிறது. ஒன்று கொடு என்கிறது, மற்றது கொடுக்காதே என்கிறது. ஒரே கட்டத்திலிருந்து பிரியும் கோடுகளை இரண்டிரண்டாக எடுத்து, இரண்டுக்கும் பொருந்தும் ஆள் இருக்கிறாரா என்று தேடினால் இது சிக்கிவிடும். இரண்டும் ஒரே முடிவைத் தந்தால் படத்தைச் சுருக்கினால் போதும். முடிவு மாறினால், எது முந்தியது என்பதைக் கடன் கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சோதிப்பவர் ஊகித்து நிரப்பவே கூடாது.

திருத்துவது எளிது. கடன் வரலாறு உண்டா என்ற கேள்வியை ஸ்கோருக்கு மேலே, வேரிலேயே வைத்துவிடலாம். சம்பளத்துக்கு முன்னால் சுமையைக் கேட்கலாம். கீழே கிடக்கும் பழைய காலிக் கட்டத்தை அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருபவர் அது வேலை செய்வதாகவே நம்புவார். அப்புறம் -1, 649, 650, 679, 680, 749, 750, 751 என்று எல்லைகளை ஒட்டிய ஸ்கோர்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எந்த இலைக்குப் போகின்றன என்று எழுதி வைக்க வேண்டும்.

அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். வாராக்கடன் கூடுகிறது என்று ஒரு நாள் யாராவது முதல் கட்டத்தில் இருக்கும் 650ஐ 680 ஆக்குவார்கள். ஒரே ஓர் எண்தான் மாறும். 680க்குக் கீழே இருந்தால் ஜாமீன் கேள் என்ற இடது கிளைக் கட்டம் படத்தில் அப்படியே இருக்கும், ஆனால் அன்றிலிருந்து அங்கே யாரும் வர மாட்டார்கள். ஜாமீன் கொடுக்க ஆள் இருந்தும், 660 ஸ்கோர் வாங்கியவர் வாசலிலேயே மறுக்கப்படுவார்.