சீட்டு எடுத்த பணம் வரவு அல்ல

சீட்டு கம்பெனியோடு தகராறு என்று புகார் கொடுக்க வருகிறவர்களிடம் “இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள்?” என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். “மாசம் ஐயாயிரம், பதினாலு மாசம் கட்டியாச்சு, எழுபதாயிரம்.” அது தப்புக் கணக்கு. ஏலச்சீட்டில் மாதாமாதம் டிவிடெண்ட் கழித்துத்தான் பணம் கட்டுகிறார்கள். சில ஊர்களில் இதைக் கசர் என்பார்கள். பதினாலு தவணையில் கையிலிருந்து போனது 58,000 சொச்சமாக இருக்கும். எதிர்த்தரப்பு தன் பேரேட்டை எடுத்து நீட்டியதும் புகார்தாரரின் முதல் வாக்கியமே பொய்யாகிவிடுகிறது. உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவர் அங்கே திருதிருவென்று விழிக்கிறார்.

இன்னொரு வகையினர் சீட்டை எடுத்தவர்கள். கைக்கு வந்த பணத்தை “சீட்டு வரவு” என்று ஒரு வரி எழுதி, பழைய நகைக்கடனைத் தீர்த்து, மிச்சத்தில் வண்டிக்கு முன்பணமும் கட்டிவிடுவார்கள். நாலு மாதம் கழித்துத் தவணை இடிக்கும்போது “சீட்டுதான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்குக் கட்டணும்?” என்று வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்.

இரண்டுக்கும் மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. பால் கணக்கை எழுதுகிற வீடுகள்கூட லட்ச ரூபாய்ச் சீட்டை மனக்கணக்கில் வைத்துக்கொள்கின்றன.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். தொகை 1,00,000 ரூபாய். 20 பேர், 20 மாதம், தவணை 5,000. நடத்துபவருக்கு 5 சதவீதம் கமிஷன். சட்டம் 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது. உங்கள் சீட்டில் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கமிஷனுக்கான ஜி.எஸ்.டி.யைக் கணக்கு சிக்கலாகாமல் இருக்க இங்கே விட்டுவிடலாம். முதல் ஏலத்தில் ஒருவர் 30,000 தள்ளி எடுக்கிறார். அவருக்கு 70,000 போகும். தள்ளிய 30,000-த்தில் கமிஷன் 5,000 போக 25,000 மிச்சம். அதை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250 டிவிடெண்ட். அடுத்த தவணைக்கு 3,750 கட்டினால் போதும்.

இந்த இடத்தில்தான் நோட்டு கோணுகிறது. பலர் 3,750 மட்டும் எழுதுகிறார்கள். வேறு சிலர் 5,000-த்தைச் செலவாகவும் 1,250-ஐ வருமானமாகவும் எழுதுகிறார்கள். இரண்டும் கூடாது. சீட்டுக்கென்று ஒரு தனிப் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு தவணைக்கும் ஒரே வரியில் தேதி, முழுத் தவணை 5,000, டிவிடெண்ட் 1,250, கட்டியது 3,750, ரசீது எண் என்று எழுத வேண்டும். சீட்டு எடுக்காதவரை இந்தப் பணம் செலவே இல்லை. சேமிப்பு. மாதச் செலவுப் பட்டியலில் மளிகைக்குக் கீழே இதைச் சேர்த்தால், வருடக் கடைசியில் வீட்டின் செலவும் தப்பாகும், இருப்பும் தப்பாகும்.

மேலே சொன்ன சீட்டில் ஒரு பெண் எட்டு தவணை கட்டுகிறார். முதல் தவணை முழுசாக 5,000. அடுத்த ஏழு தவணைகளில் அவருக்குக் கழிந்த டிவிடெண்ட் மொத்தம் 7,750. அப்படியானால் முழுத் தவணைக் கணக்கு 40,000, கையிலிருந்து போனது 32,250. எட்டாவது ஏலத்தில் அவரே 22,000 தள்ளி எடுக்கிறார். வங்கியில் 78,000 விழுகிறது.

இந்த 78,000-த்தை வரவுப் பக்கத்தில் ஒற்றை வரியாக எழுதவே கூடாது. நாலு வரி வேண்டும். வாங்கிய பணம் 78,000. தள்ளியது 22,000. இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தில் தன் பணம் திரும்பி வந்தது 40,000. மீதி 60,000 கடன். “சீட்டுக் கடன் 60,000, 12 தவணை பாக்கி” என்று அன்றைக்கே எழுதி, தவணைக்குத் தவணை 5,000 கழித்துக்கொண்டே வர வேண்டும்.

வருங்காலத்தில் டிவிடெண்ட் கழியும்தானே, பிறகு ஏன் முழு 60,000 என்று கேட்பார்கள். சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. சீட்டு எடுத்தவர் தவணை தவறினால், மிச்சத் தவணைகள் அத்தனையையும் மொத்தமாக உடனே கட்டும்படி அவரைக் கேட்க 1982-ஆம் வருடத்திய சீட்டு நிதிச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் வர வேண்டும். கூடவே, நாள் தவறிக் கட்டினால் அந்த மாத டிவிடெண்ட் கிடையாது என்ற நிபந்தனை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். ஆகவே டிவிடெண்டை முன்கூட்டியே கழித்து எழுதாதீர்கள். கழிந்த பிறகு எழுதுங்கள்.

பாக்கி 12 தவணையில் அவருக்கு இன்னும் 5,300 டிவிடெண்ட் கழிகிறது என்று வைத்துக்கொண்டால், கட்டுவது 54,700. சீட்டு முடியும்போது மொத்தம் கட்டியது 86,950, வாங்கியது 78,000. வித்தியாசம் 8,950 ரூபாய். இதுதான் எட்டாம் மாதமே பணத்தை எடுத்ததற்கு அவர் கொடுத்த உண்மையான விலை. தள்ளிய 22,000-த்திலிருந்து மொத்த டிவிடெண்ட் 13,050-ஐக் கழித்தாலும் அதே 8,950 வரும். வராவிட்டால் நோட்டில் எங்கோ பிழை, அல்லது கம்பெனி ஒரு மாத டிவிடெண்டை விழுங்கியிருக்கிறது. இதே சீட்டில் கடைசிவரை பொறுத்திருந்து கமிஷன் மட்டும் போக 95,000 வாங்குகிறவர் 8,050 அதிகமாகப் பெறுகிறார். டிவிடெண்டைத் தனிப் பத்தியில் எழுதாதவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் கடைசிவரை தெரியாது.

வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. வீட்டுச் சேமிப்பாகக் கட்டும் சீட்டில் எடுத்த தொகை சம்பளம் போன்ற வருமானம் அல்ல. ஆனால் 78,000 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் காட்ட இந்தப் பக்கம்தான் இருக்கும். கடைக்கணக்கில் சீட்டைச் சேர்ப்பவர்கள் தள்ளிய தொகையைச் செலவாகக் காட்டுவதற்குமுன் ஆடிட்டரைக் கேட்க வேண்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வரும் சீட்டுப் பணத்தை ரொக்கமாக வாங்கவே கூடாது. வருமான வரிச் சட்டத்தில் அதற்கு வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உண்டு.

நோட்டின் முதல் பக்கம் இதைவிட முக்கியம். அதில் குழு எண், உங்கள் டிக்கெட் எண், பதிவாளர் கொடுத்த முன் அனுமதி ஆணையின் எண்ணும் வருடமும், ஒப்பந்தத் தேதி, ஏல நாள், நேரம், நியமனதாரர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். “கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணினது சார்” என்பதைக் கேட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். கம்பெனி பதிவானது வேறு, சீட்டு பதிவானது வேறு. ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக முன் அனுமதி வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, தொடக்கச் சான்றிதழ் பெற வேண்டும். ஒப்பந்தத்தின் நகலைச் சந்தாதாரருக்குக் கொடுப்பது நடத்துபவரின் கடமை. சந்தேகம் இருந்தால் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் குழு எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். அங்கே “அடுத்த வாரம் வாங்க” என்பார்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாமல், மனுவாக எழுதிக் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரசீது. வசூலுக்கு வருபவர் பாஸ்புக்கில் கிறுக்கிவிட்டுப் போவது மட்டும் போதாது. எண் அச்சிட்ட ரசீது வேண்டும். செல்போனில் பணம் அனுப்பினால் அது கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும், வசூல் பையனின் சொந்த எண்ணுக்கு அல்ல. “அண்ணே, என் நம்பருக்கே போட்டுடுங்க, நான் கட்டிடறேன்” என்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் வேலையை விட்டுப் போன மறுமாதம் “அந்தத் தவணை வரவில்லை” என்று அலுவலகம் சொல்லும்போது, அவருடைய நல்ல குணத்தை எந்தப் பதிவாளரும் சான்றாக ஏற்க மாட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் கணக்கு விவரம் கேட்டு வாங்கி, நோட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சீட்டு எடுக்காதவருக்கும், எடுத்தும் பணம் கைக்கு வராதவருக்கும் சீட்டுப் புத்தகங்களைப் பார்வையிடச் சட்டத்தில் உரிமை உண்டு.

ஏலத்தில் எடுத்த நாளும் பணம் வந்த நாளும் ஒன்றல்ல. இடையில் ஜாமீன் கேட்பார்கள். ஜாமீன்தாரரின் சம்பளச் சான்று சரியில்லை, கையெழுத்து பொருந்தவில்லை என்று வாரக்கணக்கில் இழுப்பதும் நடக்கும். ஏல நாள், தாள்களைக் கொடுத்த நாள், ஒப்புகை, பணம் வந்த நாள் நான்கையும் எழுதுங்கள். ஜாமீன் தராததால் தொகை அடுத்த தவணை நாள்வரை கொடுக்கப்படாமல் நின்றால், நடத்துபவர் அதை அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் தனிக் கணக்கில் போட வேண்டும். எந்த வங்கியில் போட்டார் என்று எழுத்தில் கேளுங்கள். பணம் வராதவரை அதை நோட்டில் “வர வேண்டியது” என்றுதான் எழுத வேண்டும்.

தகராறு வந்தால் பதிவு பெற்ற சீட்டுக்குப் போக வேண்டிய இடம் சிவில் கோர்ட் அல்ல. சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி பதிவாளரிடம்தான் மனு. அதற்கும் காலவரம்பு உண்டு என்பதால் “பார்த்துக்கலாம்” என்று வருடங்களை ஓட்டக் கூடாது. மனுவோடு ஒப்பந்த நகல், பாஸ்புக், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், நோட்டுப் பக்கத்தின் நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். கேட்கும் தொகை நோட்டின் கடைசி வரியோடு பொருந்த வேண்டும். முன்பு சொன்ன எழுபதாயிரக் கதை அங்கே மறுபடி நடக்க வேண்டாம்.

தெருவில் தெரிந்த அக்கா நடத்தும் பதிவில்லாச் சீட்டுக்கு இந்த வழி கிடையாது. பதிவில்லாமல் சீட்டு நடத்துவதே குற்றம். அக்கா ஊரை விட்டுப் போனால் காவல் நிலையம்தான். அங்கே முதலில் கேட்பதும் எழுத்துச் சான்றைத்தான். சேராதீர்கள். ஏற்கனவே சேர்ந்துவிட்டவர்கள், தவணை கட்டும் ஒவ்வொரு முறையும் நோட்டில் அவர் கையெழுத்தையாவது வாங்குங்கள்.

கடைசித் தவணை கட்டிய அன்று முக்கால்வாசிப் பேர் நோட்டை மூடிவிடுகிறார்கள். கடன் வரி பூஜ்யமானாலும் கணக்கு இன்னும் முடியவில்லை. ஜாமீனுக்குக் கொடுத்த புரோநோட்டு, வெற்றுக் காசோலைகள், அசல் பத்திரம் ஆகியவை திரும்பி வந்த தேதியைக் காசோலை எண்ணோடு எழுதி, “பாக்கி இல்லை” என்ற கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். காசோலையைத் தேடிப் பார்க்கிறோம் என்று கம்பெனி சொன்னால், வங்கிக்கு அன்றைக்கே எழுதி அந்த எண்களுக்குப் பணம் தராமல் நிறுத்தச் சொல்லுங்கள்.