லாபம் வந்தால் மட்டும் போதுமா?

ஒரு நிதி நிறுவனத்தின் பங்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எல்லாக் கடன்களையும் கழித்தபின் பங்கு ஒன்றுக்கு மிஞ்சும் புத்தக மதிப்பு 100 ரூபாய், ஆண்டு லாபம் 9 ரூபாய். கணக்கில் இது லாபம்தான். ஆனால் இதே அளவு ரிஸ்க் உள்ள வேறு இடத்தில் அந்த 100 ரூபாய் 12 ரூபாய் ஈட்டும் என்றால், பங்குதாரருக்கு ஆண்டுக்கு 3 ரூபாய் குறைகிறது. வங்கி வட்டி லாபக் கணக்கில் செலவாக ஏறுகிறது. பங்குதாரர் பணத்துக்கான கூலி ஏறுவதில்லை. அதையும் கழித்துப் பார்ப்பதே ‘எஞ்சிய வருமானம்’ முறை. ஜேம்ஸ் ஓல்சன் 1995-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு கல்வியுலகில் இது பெரிதும் பேசப்பட்டது.

இன்றைய புத்தக மதிப்போடு, இனி வரும் எஞ்சிய வருமானங்களை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால் பங்கின் மதிப்பு கிடைக்கும். நம் நிறுவனம் 9-க்குப் பதில் 18 ரூபாய் ஈட்டி, முழுவதையும் டிவிடெண்டாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சுவது 6 ரூபாய். அது என்றென்றும் நீடித்தால் 6-ஐ 0.12-ஆல் வகுக்க 50 வரும், மதிப்பு 150. போட்டி வந்து ஓராண்டிலேயே மறைந்துவிட்டால் 6-ஐ 1.12-ஆல் வகுக்க 5.36, மதிப்பு 105.36 மட்டுமே. அடுத்த ஆண்டு லாபம் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் உபரி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதில்தான் என் முதல் கேள்வி இருக்கும்.

இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்த ஓராண்டு உபரி நிறுவனம், 10 ரூபாய் வாராக்கடனை மறைத்துப் புத்தக மதிப்பை 110 என்று காட்டுகிறது. அடுத்த ஆண்டு அதைத் தள்ளுபடி செய்கிறது. அப்போது லாபம் 18-லிருந்து 8 ஆகும். 110-க்கு 12 சதவீதக் கூலி 13.20. எஞ்சிய வருமானம் மைனஸ் 5.20, இன்றைய மதிப்பில் மைனஸ் 4.64. 110-லிருந்து 4.64-ஐக் கழித்தால் அதே 105.36! ஊதிய புத்தக மதிப்பைப் பின்னால் வரும் கழிவு சரிசெய்துவிடுகிறது. ஆனால் கணிப்பவர் அந்தத் தள்ளுபடியை முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டும். 18 ரூபாய் லாபமே வரும் என்று நம்பினால் மதிப்பு 114.29 என்று தப்பாக வரும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சில லாப நட்டங்கள் லாப நட்டக் கணக்கைத் தொடாமல் நேரே ரிசர்வுக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க, ஆண்டுத் தொடக்கப் புத்தக மதிப்போடு லாபத்தைக் கூட்டி, டிவிடெண்டைக் கழித்துப் பாருங்கள். புதுப் பங்கு வெளியீடோ பங்குகளைத் திரும்ப வாங்குவதோ இல்லாத ஆண்டில், விடை ஆண்டிறுதிப் புத்தக மதிப்போடு பொருந்தாவிட்டால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை ஆண்டறிக்கையில் தேட வேண்டும். அது ஆண்டுதோறும் ஒரே திசையில் இருந்தால், லாபத்தை மட்டும் வைத்துப் போட்ட மதிப்பை நான் நம்பமாட்டேன்.