பத்து தோசையில் தெரியும் கணக்கு

ராத்திரி பாதி வாளி இருந்த மாவு, காலையில் விளிம்பைத் தொட்டு நிற்கும். சின்ன டிபன் கடைக்காரர் பலர் ஏமாறுவது இங்கேதான். வாளி நிரம்பியதால் தோசை கூடிவிடாது. புளிக்கும்போது உண்டாகும் வாயு மாவுக்குள் குமிழ்களாகத் தங்கியதால் அது பொங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கரண்டியால் கலக்கினால் மட்டம் இறங்கிவிடும். அதனால் லிட்டரை நம்பித் தோசையை எண்ணக் கூடாது, எடையை நம்பலாம்.

4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று ஊறப்போடும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஊறியது, அரைக்க ஊற்றியது, வார்க்கும் பதத்துக்குக் கரைத்தது என எல்லாத் தண்ணீரும் சேர்ந்து மாவு ஏறக்குறைய 12 கிலோ வரும். ஒரு தோசைக்கு எவ்வளவு மாவு போகிறது? கரண்டியில் 100 மில்லி பிடிக்கும் என்பது மட்டும் போதாது. கை நிரப்பும் அளவும் விளிம்பில் வழிவதும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, பத்து தோசை வார்த்துவிட்டு மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். 1,050 கிராம் குறைந்திருந்தால் தோசைக்கு 105 கிராம். 12 கிலோவுக்கு 114 வரும். கல் சூடேறும் முன் பிய்ந்துபோகும் முதல் தோசையையும் பாத்திரத்தில் ஒட்டி நிற்கும் மாவையும் கழித்தால் 110 என்று வைப்பதே நியாயம். ஊத்தப்பத்துக்கு மாவு அதிகம் போவதால் அதைத் தனியாகத்தான் எண்ண வேண்டும்.

வியாபாரம் நீளும்போது ஒரு சிக்கல் வரும். வெயிலில் இருக்கும் மாவு மேலும் புளித்து நுரைக்கும். அதே கரண்டியில் எடை குறைவாக ஏறும், தோசை மெலிந்துபோகும். வாடிக்கையாளர் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார். அவ்வப்போது மாவை அடிவரை கலக்கிவிட்டால் அளவு நிலைக்கும்.

எண்ணெய்க்கும் இதே வழிதான். காலையில் எண்ணெய் பாட்டிலை நிறுத்துக் குறித்து, கடை மூடும்போது மறுபடி நிறுத்தால் போதும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். சாதாரண தோசைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி என்றால், 110 தோசைக்கு 550 மில்லி. மூடித் துளை பெரிதாகி 8 மில்லி விழுந்தால் 880 மில்லி. ஒரே நாளில் 330 மில்லி கூடுதல். மூன்று நாளில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

துளை சரியாக இருந்தும் செலவு ஏறினால் கல்லைத்தான் பார்க்க வேண்டும். பழகாத கல்லிலும், சோப்புப் போட்டுத் தேய்த்த கல்லிலும் தோசை ஒட்டும். ஒட்டினால் கை தானாகவே எண்ணெயைக் கூட்டி ஊற்றும். கல் அதிகமாகச் சூடேறினால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். அதற்கும் எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்து, நறுக்கிய வெங்காயத்தால் துடைத்தால் 5 மில்லியிலேயே தோசை எழும்பி வரும்.

கரண்டியையோ மாஸ்டரையோ மாற்றினால், அன்றைக்கே பத்து தோசைக் கணக்கை மறுபடி போட்டுவிடுங்கள்.